பொருள்வாரிக் கணிப்பு 940, வகைக் கணிப்பு 1,040: இடைவெளியை யார் ஏற்பது?

அடுத்த மாதத்துக்கு எத்தனை பல்பு விற்கும் என்று இரண்டு இடத்தில் கணிக்கிறார்கள். ஒவ்வொரு வாட்டுக்கும் தனித்தனியாகக் கணித்துக் கூட்டினால் 940 வருகிறது. எல்.இ.டி. பல்பு என்ற மொத்த வகையின் விற்பனை வரலாற்றை எடுத்துக் கணித்தால் 1,040 வருகிறது. கொள்முதல் ஆர்டர் முதல் எண்ணை வைத்துப் போகிறது. கிடங்கு இடம், லாரி, சப்ளையரிடம் பேசிவைக்கும் கொள்ளளவு எல்லாம் இரண்டாவது எண்ணை வைத்துப் போகின்றன. நடுவில் 100 பல்பு எந்தத் திட்டத்துக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறது.

இதைச் சரிக்கட்ட நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: கீழிருந்து மேலே கூட்டுவது, மேலிருந்து கீழே பிரிப்பது, நடு மட்டத்திலிருந்து இரு பக்கமும் போவது, பிழையின் அளவைப் பார்த்து இடைவெளியைப் பங்கிடுவது. எதைப் பிடித்தாலும் கூட்டல் பொருந்திவிடும். ஆனால் எந்தப் பல்பு தீர்ந்துபோகும், எது தேங்கும் என்பது வழிக்கு வழி மாறும். கவனிக்க வேண்டியது அதைத்தான்.

நான்கையும் ஒரே உதாரணத்தில் ஓட்டிப் பார்ப்போம்.

| பொருள் | தனிக் கணிப்பு | வழக்கமான பிழை | கடந்த 12 மாத விற்பனையில் பங்கு |
|---|---|---|---|
| 9 வாட் | 520 | 60 | 54% |
| 12 வாட் | 240 | 40 | 25% |
| 7 வாட் | 130 | 20 | 18% |
| 20 வாட் | 50 | 30 | 3% |
| நான்கின் கூட்டல் | 940 | | 100% |
| வகைக்கென்று தனிக் கணிப்பு | 1,040 | 50 | |

"வழக்கமான பிழை" என்பது, முந்தைய மாதங்களில் கணிப்புக்கும் நடந்த விற்பனைக்கும் இருந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கம். இரண்டு தகவல்களை மனதில் வையுங்கள். 7 வாட் படிப்படியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. 20 வாட் வந்தே 8 மாதம்தான் ஆகிறது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், சமிக்ஞை எந்த மட்டத்தில் தெரிகிறது என்பது. பருவ ஏற்ற இறக்கம் பெரும்பாலும் வகை மட்டத்தில்தான் தெளிவாகத் தெரியும். மாதம் 50 விற்கும் ஒரு பொருளில் அது இரைச்சலுக்குள் மறைந்துவிடும். தள்ளுபடி, புது அறிமுகம், நிறுத்தம் போன்றவை நேர்மாறாக, பொருள் மட்டத்தில்தான் தெரியும்.

இரண்டாவது, வகைக்குள் பொருள்களின் பங்கு எவ்வளவு நிலையாக இருக்கிறது. மூன்றாவது, தவறு செய்தால் செலவு எங்கே விழுகிறது. ஒவ்வொரு பொருளையும் தனியாக ஆர்டர் செய்துவிட்டு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டுமென்றால், பொருள் மட்டத் தவறுதான் வலிக்கும். கடைசி நேரத்தில் எந்த வாட்டாகவும் மாற்றிக்கொள்ளலாம் என்றால் மொத்தம் சரியாக இருந்தாலே போதும்.

நான்காவது, பராமரிப்பு. எவ்வளவு வரலாறு வேண்டும், யார் கவனிப்பார்கள், எண் ஏன் மாறியது என்று பிளானரிடம் விளக்க முடியுமா என்பதெல்லாம் இதில் அடங்கும்.

## வழியைத் தேர்வதற்கு முன்: இடைவெளி எப்படி வந்தது?

பல இடங்களில் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இடைவெளி தற்செயலாக வந்திருந்தால் மட்டுமே அதைப் பங்கிடலாம். தரவில் ஓட்டை இருந்து வந்த இடைவெளியைப் பங்கிட்டால், ஒரு பொருளின் தவறு நல்ல கணிப்புள்ள மற்ற மூன்றுக்கும் பரவிவிடும்.

முதலில் வரலாறு கூடுகிறதா என்று பாருங்கள். போன மாதத்தில் நான்கு பொருள்களின் விற்பனையைக் கூட்டினால் வகை விற்பனை வருகிறதா? வராவிட்டால் கணிப்பு மட்டும் எப்படிக் கூடும்? நிறுத்தப்பட்ட 5 வாட்டின் பழைய விற்பனை வகை வரலாற்றில் இருக்கும், பொருள் பட்டியலில் இருக்காது. அடுத்த மாதம் வரப்போகும் புதுப் பொருளுக்கு வரலாறு இல்லாததால் பொருள் கணிப்பில் அதற்கு வரியே இருக்காது. இன்னொன்று, ஒரு பக்கம் எண்ணிக்கையிலும் மறுபக்கம் விற்பனைத் தொகையிலும் கணித்துவிட்டுச் சராசரி விலையால் வகுப்பது. விலை உயர்ந்த பொருளின் பங்கு கூடினால் சராசரி விலையும் கூடும். பழைய சராசரியால் வகுத்தால் எண்ணிக்கை பொய்யாக உப்பிவிடும். எல்லா மட்டத்திலும் ஒரே அலகில் கணியுங்கள்.

அடுத்து ஸ்டாக் இல்லாத நாட்கள். 9 வாட் பத்து நாள் தீர்ந்துபோயிருந்தால் அந்த மாத விற்பனை குறைவாகப் பதிவாகும். கணிப்பு அதைக் குறைந்த தேவை என்று எடுத்துக்கொள்ளும். வாங்க வந்தவர்களில் சிலர் 12 வாட்டுக்கு மாறியிருப்பார்கள் என்பதால் வகை மொத்தம் அவ்வளவாக அடிபடாது. விளைவு, 9 வாட் கணிப்பு தாழ்ந்திருக்கும், 12 வாட் கணிப்பு ஊதியிருக்கும். ஸ்டாக் பூஜ்யமாக இருந்த நாட்களைக் குறித்துவைத்து, அவற்றை நீக்கியோ நிரப்பியோ மறுபடி கணிக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் கண்ணில் படாமல் இருந்துவிடும். மெதுவாக விற்கும் ஒரு பொருளின் பத்து வார விற்பனை இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 0, 0, 0, 4, 0, 0, 6, 0, 0, 2. சராசரி வாரத்துக்கு 1.2. இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண், பூஜ்யம். சராசரி தனிப்பிழையைக் குறைக்கும்படி ஒரு மாதிரியைப் பழக்கினால் அது இடைநிலை அளவை நோக்கித்தான் போகும், "0" என்றே சொல்லும். தனியாகப் பார்த்தால் பத்தில் ஏழு வாரம் அது சரி. ஆனால் இப்படிப்பட்ட 300 பொருள்கள் இருந்தால் அவற்றின் கணிப்பைக் கூட்டினாலும் பூஜ்யம், வகையோ வாரம் 360 விற்கும். சராசரிகளைக் கூட்டினால் வகையின் சராசரி வரும், இடைநிலை அளவுகளைக் கூட்டினால் வகையின் இடைநிலை அளவு வராது. எனவே மெதுவாக நகரும் பொருள்களுக்குச் சராசரியைக் குறிவைக்கும் மாதிரி வேண்டும். பிழையின் வர்க்கத்தைக் குறைக்கும்படி பழக்கினால் இது சரியாகும்.

இந்த மூன்றில் ஏதாவது நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு. கடந்த 12 மாதமும் இடைவெளி எந்தப் பக்கம் இருந்தது என்று குறியுங்கள். 10 மாதத்துக்கு மேல் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அது சாய்வு, தரவிலோ மாதிரியிலோ சரிசெய்யுங்கள். கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வந்தால் தொடர்ந்து படியுங்கள்.

## வழி 1: கீழிருந்து மேல்

பொருள் கணிப்பு அப்படியே நிற்கும், வகை எண் அதன் கூட்டலாகிவிடும். நம் உதாரணத்தில் வகை 1,040 கைவிடப்பட்டு 940 ஆகிறது.

இதன் பலம், பொருள் மட்டத்துச் செய்தி எதுவும் இழக்கப்படுவதில்லை என்பது. 7 வாட் இறங்குவதும் 20 வாட் ஏறுவதும் அப்படியே திட்டத்தில் வரும். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவு மொத்தத்தில் வந்து விழும். நான்கு பிழைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால், கூட்டலின் பிழை 60, 40, 20, 30 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி எடுத்த வர்க்கமூலம், அதாவது சுமார் 81. வகைக்கென்று நேராகக் கணித்தால் பிழை 50தான். மொத்தத்தைப் பொறுத்தவரை வகைக் கணிப்புக்கே அதிகம் தெரியும் என்று இந்த எண்களே சொல்கின்றன, அதைத் தூக்கிப்போடுகிறோம். பருவ ஏற்றத்தை நான்கு பொருள்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தவறவிட்டால் நான்கு பிழையும் ஒரே பக்கம் சாயும், அப்போது 81 இன்னும் கூடும். இதை ஊகிக்க வேண்டாம். பழைய மாதங்களின் பொருள் கணிப்புகளைக் கூட்டி, வகை விற்பனையோடு ஒப்பிட்டு நேராக அளந்துவிடலாம். அளந்தபின் கூட்டலின் பிழையும் வகைப் பிழையும் அருகருகே வந்தால் இந்த வழியிலேயே நின்றுவிடுங்கள், இனி வரும் சிக்கல் எதுவும் தேவையில்லை.

பொருள்கள் குறைவு, ஒவ்வொன்றும் நன்றாக விற்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனித் தள்ளுபடி அட்டவணை இருக்கிறது என்றால் இதுவே சிறந்தது.

## வழி 2: மேலிருந்து கீழ்

1,040ஐ நம்பி அதைப் பொருள்களுக்குப் பிரிக்கிறோம். எல்லாம் பிரிக்கும் விகிதத்தில்தான் இருக்கிறது.

கடந்த 12 மாதப் பங்கை வைத்துப் பிரித்தால் 9 வாட்டுக்கு 562, 12 வாட்டுக்கு 260, 7 வாட்டுக்கு 187, 20 வாட்டுக்கு 31. இப்போது பாருங்கள்: இறங்கிக்கொண்டிருக்கும் 7 வாட்டுக்கு அதன் சொந்தக் கணிப்பைவிட 57 கூடுதல். ஏறிக்கொண்டிருக்கும் 20 வாட்டுக்கு 19 குறைவு. வகை மொத்தம் துல்லியமாக அமைந்தாலும் ஒன்று தேங்கும், ஒன்று தீர்ந்துபோகும். 20 வாட் 12 மாதத்தில் 8 மாதம்தான் விற்றது, வகுத்ததோ 12 மாத மொத்தத்தால். புதிய பொருள்களுக்கு இந்தக் கணக்கு எப்போதும் அநியாயம் செய்யும்.

பழைய பங்கை விட்டு, பொருள் கணிப்புகளின் விகிதத்தையே பங்காக எடுத்தால் இது பெருமளவு சரியாகும். 520, 240, 130, 50 ஆகியவற்றை 940ஆல் வகுத்து 1,040ஆல் பெருக்கினால் 575, 266, 144, 55 வருகிறது. ஆனால் இதிலும் ஒரு குறை இருக்கிறது. இடைவெளியான 100ஐ விற்பனை அளவின்படி பிரிக்கிறது, கணிப்பின் நம்பகத்தைப் பார்ப்பதில்லை. வழக்கமாக 20தான் தவறும் 7 வாட் 14 ஏற்கிறது. 30 தவறும் 20 வாட்டோ 5 மட்டும் ஏற்கிறது.

கொள்கை அளவில் ஒரு வரம்பும் உண்டு. ராப் ஹைண்ட்மனும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் காட்டியபடி, அடிப்படைக் கணிப்புகளில் சாய்வே இல்லாவிட்டாலும் மேலிருந்து பிரித்தால் பொருள் மட்டத்தில் சாய்வு புகுந்துவிடும்.

இவ்வளவு இருந்தும் இந்த வழி பொருந்தும் இடம் இருக்கிறது. ஒரே பொருளின் நிறங்கள், அளவுகள் என்று நூற்றுக்கணக்கான உருப்படிகள், ஒவ்வொன்றும் வாரம் ஒன்றோ இரண்டோ விற்கிறது, பங்கு வருடக்கணக்கில் மாறவில்லை என்றால் தனித்தனியாகக் கணிப்பதே வீண் வேலை. அங்கே பங்கை எடுக்கும் காலத்தை மட்டும் கவனியுங்கள். பங்கு நகர ஆரம்பித்தால் 12 மாதத்தை 3 மாதமாகச் சுருக்குங்கள். பருவத்துக்குப் பருவம் பங்கே மாறுகிறதென்றால் போன வருடத்தின் அதே மூன்று மாதத்தை எடுங்கள்.

மறைந்த செலவு பங்கு அட்டவணையின் பராமரிப்பு. முதல் நாளில் ஒருவர் கவனமாகப் போடுவார், பிறகு யாரும் தொடமாட்டார்கள். நிறுத்தப்பட்ட பொருளுக்கும் மாதாமாதம் 2% போய்க்கொண்டிருக்கும்.

## வழி 3: நடுவிலிருந்து

மின்சாதனம் என்ற துறை, அதன் கீழ் பல்பு வகை, அதன் கீழ் பொருள் என்று மூன்று மட்டம் இருந்தால் வகையில் கணித்து, மேலே கூட்டி, கீழே பிரிக்கலாம். மேல் பக்கம் வழி 1 மாதிரி, கீழ்ப் பக்கம் வழி 2 மாதிரி. துறை மொத்தத்தில் பல்பும் மின்விசிறியும் கலந்துபோய்ப் பருவம் குழம்புகிறது, பொருளிலோ இரைச்சல் அதிகம் என்றால் நடு மட்டமே தெளிவாக இருக்கும். ஆனால் கொள்முதல் செய்பவருக்குக் கீழ்ப் பக்கம்தான் முக்கியம். அங்கே வழி 2இன் எல்லாக் குறைகளும் அப்படியே வரும்.

## வழி 4: பிழையைப் பார்த்துப் பங்கிடுவது

இங்கே எந்த மட்டமும் முழுதாக வெல்வதில்லை. ஐந்து கணிப்புகளும் (நான்கு பொருள், ஒரு வகை) தத்தம் இடத்திலிருந்து நகர்கின்றன. அதிகம் தவறும் கணிப்பு அதிகம் நகர்கிறது, நம்பகமானது கொஞ்சமாக நகர்கிறது.

ஒரு வகையும் அதன் பொருள்களும் மட்டும் என்றால் கணக்கு மிக எளிது. ஒவ்வொன்றின் பிழையையும் வர்க்கப்படுத்துங்கள்: 3600, 1600, 400, 900, வகைக்கு 2500. கூட்டல் 9000. இடைவெளி 100. ஒவ்வொன்றும் ஏற்கும் பங்கு, அதன் வர்க்கத்தை 9000ஆல் வகுத்தது. 9 வாட் 40 கூடும், 12 வாட் 17.8, 7 வாட் 4.4, 20 வாட் 10. வகை எண் 27.8 இறங்கும். பொருள்கள் 560, 257.8, 134.4, 60 ஆகின்றன. கூட்டினால் 1,012.2. வகையும் 1,012.2. இரண்டு பக்கமும் சந்தித்துவிட்டன.

விரிதாளில் இதற்கு ஒரே சூத்திரம் போதும். 2 முதல் 5 வரை பொருள்கள், 6ஆம் வரி வகை, B நிரலில் கணிப்பு, C நிரலில் பிழை:

```
D2:  =B2+C2^2/SUMSQ(C$2:C$6)*(B$6-SUM(B$2:B$5))
D6:  =B6-C6^2/SUMSQ(C2:C6)*(B6-SUM(B2:B5))
```

D2ஐ D5 வரை இழுத்துவிட்டு, D2 முதல் D5 வரை கூட்டினால் D6 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் டாலர் குறி எங்கோ விடுபட்டிருக்கிறது.

பிழை அளவைப் பயன்படுத்தாமல் எல்லாவற்றுக்கும் சம எடை கொடுக்கும் எளிய வடிவமும் மென்பொருள்களில் இருக்கிறது. அதைத் தவிர்க்கச் சொல்வேன். நம் உதாரணத்தில் 100ஐ ஐந்தாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 20 கொடுக்கும். 520 விற்கும் 9 வாட்டுக்கும் 20, 50 விற்கும் 20 வாட்டுக்கும் 20. பின்னது ஒரே இரவில் 40% ஏறிவிடுகிறது. இடைவெளி எதிர்ப்பக்கம் 300 இருந்தால் 20 வாட் மைனஸ் 10க்குப் போய்விடும்.

பிழை எடை போட்டாலும் சிறிய பொருள்கள் சில மாதம் மைனஸுக்குப் போகலாம். அப்போது மைனஸைப் பூஜ்யமாக்கிவிட்டு நிறுத்தினால் கூட்டல் உடைந்துவிடும். அந்தப் பொருளைப் பூஜ்யத்தில் நிறுத்தி, அதன் பிழையையும் 0 என்று வைத்து, மற்றவற்றுக்கு மறுபடி பங்கிட வேண்டும்.

மட்டங்கள் பல, கிடங்குகளும் பல என்றால் கையால் முடியாது. பொருள், கிடங்கு என்று இரண்டு திசையில் கூட்டல் பொருந்த வேண்டியிருக்கும். விக்ரமசூரிய, அத்தனசோபூலஸ், ஹைண்ட்மன் ஆகியோர் 2019இல் வெளியிட்ட முறை இதற்கானது. பிழைகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து நகர்கின்றன என்பதையும் அது கணக்கில் எடுக்கும். R மொழியில் `fable`, பைத்தானில் `hierarchicalforecast` ஆகிய தொகுப்புகளில் கிடைக்கிறது. 9 வாட் தீரும்போது 12 வாட் ஏறுகிறது என்ற தொடர்பு வலுவாக இருந்தால் இது மேலே செய்ததைவிட நன்றாக வரும். ஆனால் 500 பொருளுக்கு 24 மாத வரலாறு மட்டும் இருந்தால் அத்தனை தொடர்புகளையும் நேராக மதிப்பிட முடியாது. சுருக்கிய மதிப்பீட்டை, `mint_shrink` என்பதை, எடுங்கள். அதுவும் நிலையாக இல்லை என்றால் மேலே உள்ள எளிய எடைக்கே திரும்புங்கள்.

இந்த வழியின் பெரிய மறைந்த செலவு பிழை வரலாறு. மாதாமாதம் போட்ட கணிப்பை அப்படியே சேமித்து வைத்திருக்க வேண்டும். பல நிறுவனங்களில் புதுக் கணிப்பு வந்ததும் பழையது அழிந்துவிடும், விற்பனை மட்டுமே மிஞ்சும். மாதிரி தன் பயிற்சித் தரவிலேயே காட்டும் பிழையை மாற்றாக வைத்தால், வளைந்து நெளிந்து பொருந்தும் மாதிரிக்குப் பிழை மிகச் சிறிதாகத் தெரியும். தகுதியில்லாத நம்பகம் அதற்குக் கிடைத்துவிடும்.

இன்னொன்று, பிழையை லீட் டைமின் தூரத்தில் அளக்க வேண்டும். இரண்டு மாதம் முன்பே ஆர்டர் போடுகிறீர்கள் என்றால் இரண்டு மாதம் முன்பு சொன்ன கணிப்பின் பிழைதான் எடை. ஒரு மாதப் பிழையை எடுத்தால் எடைகளின் வரிசையே மாறிப்போகலாம். 20 வாட் போல 8 மாதமே வயதான பொருளின் பிழை ஒரே ஒரு மோசமான மாதத்தால் ஊதிவிடும். அதே வேகத்தில் விற்ற வேறு பொருளின் பிழையை முதல் ஒரு வருடம் கடன் வாங்குவது பாதுகாப்பு.

## நான்கும் ஒரே இடத்தில்

| | கீழிருந்து | மேலிருந்து, பழைய பங்கு | மேலிருந்து, கணிப்புப் பங்கு | பிழை எடை |
|---|---|---|---|---|
| 9 வாட் | 520 | 562 | 575 | 560 |
| 12 வாட் | 240 | 260 | 266 | 258 |
| 7 வாட் | 130 | 187 | 144 | 134 |
| 20 வாட் | 50 | 31 | 55 | 60 |
| மொத்தம் | 940 | 1,040 | 1,040 | 1,012 |
| தேவையான வரலாறு | பொருள் விற்பனை | வகை விற்பனை, பங்கு | இரண்டும் | இரண்டும், பழைய கணிப்புகளும் |
| எப்போது உடையும் | பொருளில் இரைச்சல் மிகும்போது | பங்கு நகரும்போது | ஒரு பொருளின் கணிப்பு மட்டும் மோசமாகும்போது | பிழை வரலாறு குறைவாக இருக்கும்போது |

நடு வழிக்குத் தனி நிரல் இல்லை. வகைக்குக் கீழே அது மேலிருந்து பிரிக்கும் இரண்டில் ஒன்றாகவே இருக்கும்.

உங்கள் தரவுக்கு எது பொருந்தும் என்பதைப் பழைய மாதங்களில் ஓட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 12 மாதம் பின்னால் போங்கள். அன்று கையில் இருந்த தரவை மட்டும் வைத்து லீட் டைம் தூரத்துக்குக் கணியுங்கள். நான்கு வழியிலும் சரிக்கட்டுங்கள். ஒரு மாதம் முன்னேறி மறுபடி செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு வழிக்கும் இரண்டு எண் எடுங்கள்: பொருள் மட்டத்துத் தனிப்பிழைகளின் கூட்டல் மொத்த விற்பனையில் எத்தனை சதவீதம், வகை மட்டத்தில் அதே கணக்கு. மெதுவாக நகரும் பொருள்களுக்கு மட்டும் தனிப்பிழைக்குப் பதில் பிழையின் வர்க்கத்தைப் பாருங்கள், இல்லாவிட்டால் "0" என்று சொல்லும் கணிப்பு இங்கேயும் வென்றுவிடும். மூன்றாவது அளவுகோலில் உங்கள் செலவு எந்த மட்டத்தில் விழுகிறது என்று பார்த்தோமே, அந்த மட்டத்தின் எண்ணுக்கே முதலிடம். வித்தியாசம் அரை சதவீதம்தான் என்றால் எளிய வழியை எடுத்துக்கொள்ளுங்கள். பிளானர் நம்பாத எண்ணை அவர் கையால் மாற்றிவிடுவார், பிறகு எந்தக் கூட்டலும் நிற்காது.

## ஸ்டாக் திட்டமாக மாற்றும்போது

கணிப்பு பொருந்திவிட்டது, இனி பாதுகாப்புக் கையிருப்பும் பொருந்த வேண்டும் என்று அதையும் இதே முறையில் சரிக்கட்டப் பார்ப்பார்கள். அது தவறு. பொருள்களின் சராசரித் தேவைகளைக் கூட்டினால் வகையின் தேவை வரும், பாதுகாப்புக் கையிருப்புகளைக் கூட்டினால் அப்படி வராது.

பிழையைப் போல் 1.65 மடங்கு வைக்கிறோம் என்று எடுத்துக்கொள்வோம். 9 வாட்டுக்கு 99, 12 வாட்டுக்கு 66, 7 வாட்டுக்கு 33, 20 வாட்டுக்கு 49.5, ஆக சுமார் 248. வகை மட்டத்தில் பிழை 50 என்று அதே கணக்கைப் போட்டால் 83 வரும். "வகைக்கு 83 போதுமே, 248 எதற்கு" என்று மேலிருந்து வெட்டினால், 9 வாட் தீர்ந்த அன்று கிடங்கில் 7 வாட் இருந்து பயனில்லை. வாங்குபவர் எந்த வாட்டையும் மாற்றி எடுத்துக்கொள்வார் என்றாலோ, கடைசி நிமிடத்தில் எதையும் எதுவாக மாற்ற முடியும் என்றாலோ மட்டுமே 83 செல்லும். மற்றபடி பொருள்வாரியாகக் கணக்கிட்டு, அந்தக் கூட்டலையே கிடங்கு இடத்துக்கான எண்ணாகக் கொடுங்கள்.

இந்தக் கணக்குக்கான பிழை, சரிக்கட்டிய கணிப்பின் பிழையாக இருக்க வேண்டும். மேலே செய்த 12 மாத ஓட்டத்திலிருந்தே அதை எடுக்கலாம். பழைய 60ஐயே தொடர்ந்தால், சரிக்கட்டியதால் கிடைத்த லாபம் ஸ்டாக்கில் தெரியவே தெரியாது.

பெட்டிக் கணக்கையும் கணிப்போடு கலக்காதீர்கள். பெட்டிக்கு 12 என்றால் 560, 258, 134, 60 ஆகியவை 564, 264, 144, 60 ஆகும், மொத்தம் 1,032. இந்த 20 கூடுதல் தேவையில் சேராது, பெட்டியால் வந்தது. கணிப்பிலேயே முழுப் பெட்டியாக்கினால் மாதாமாதம் 20 ஏறிக்கொண்டே போகும். ஆர்டர் போடும் இடத்தில் ஆக்கினால், இந்த மாதம் மிஞ்சியது கையிருப்பாகத் தெரிந்து அடுத்த ஆர்டரில் கழிந்துவிடும்.

கடைசியாக, மாற்றவே முடியாத எண்கள். 9 வாட்டுக்கு 520 என்று ஒப்பந்தம் ஆகிவிட்டது, இனி அதைத் தொட முடியாது என்றால் அதன் பிழையை 0 என்று போடுங்கள். சூத்திரம் அதை நகர்த்தாது. மீதி வர்க்கங்களின் கூட்டல் 5400 ஆகிறது. 12 வாட் 269.6, 7 வாட் 137.4, 20 வாட் 66.7, வகை 993.7. கூட்டல் பொருந்துகிறது. மாறாக வகை எண் 1,040ஐப் பூட்ட வேண்டும் என்றால் C6ஐ 0 ஆக்குங்கள். முழு 100ம் பொருள்களுக்குப் போகும், ஆனால் விற்பனை அளவின்படி போகாமல் பிழையின்படி போகும்: 55.4, 24.6, 6.2, 13.8. எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் சூத்திரம் பூஜ்யத்தால் வகுத்துப் பிழை காட்டும். அப்போது கணக்கில் செய்ய ஒன்றுமில்லை, பூட்டியவர்களை உட்காரவைத்துப் பேசி ஒரு பூட்டையாவது திறக்க வைக்க வேண்டும்.